மாதமே முடியவில்லை, அதற்குள் விற்பனை விழுந்துவிட்டதாம்

இன்றும் அதே போன். காலை ஒன்பதேகால் மணி. "என்னப்பா, இந்த மாசம் ஆர்டர் இப்படிப் படுத்துருச்சு? போன மாசம் நாலாயிரத்துக்கு மேல இருந்துச்சு, இப்ப எண்ணூறுகூட இல்லயே!"

இன்று தேதி 7. டாஷ்போர்டு தினமும் விடியற்காலையில் ரீஃப்ரெஷ் ஆகிறது, நேற்று இரவு வரையிலான கணக்கு அதில் இருக்கிறது. அதாவது ஆறு நாள் கணக்கு. அதை முப்பது நாள் கணக்குக்குப் பக்கத்தில், அதே நிறத்தில், அதே அகலத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பார்க்கிறவர் கண்ணுக்கு வேறு என்ன தெரியும்?

போன் செய்தவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. எட்டு உயரமான பட்டை, கடைசியில் ஒரு குட்டைப் பட்டை என்று இருந்தால் யாருக்கும் வயிறு கலங்கத்தான் செய்யும். என் கோபமெல்லாம் அதை அப்படி வரைந்தவர்கள் மேல், மாதாமாதம் இதே கூத்து நடந்தும் அதை மாற்ற விடாதவர்கள் மேல்.

எண்களைச் சொல்கிறேன். போன மாதம் மொத்தம் 4,200 ஆர்டர். இந்த மாதம் 6-ம் தேதி வரை 790. சார்ட்டுக்கு மேலே ஒரு கட்டம், அதில் சிவப்பு அம்புக்குறியோடு "81% சரிவு". முழு மாதத்தோடு அரைகுறை மாதத்தை ஒப்பிட்டு வந்த எண் அது. அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது, ஆனால் பக்கத்திலேயே பெரிய எழுத்து அதுதான். சரி, போன மாதம் இதே முதல் ஆறு நாளில் எத்தனை ஆர்டர் என்று எடுத்துப் பார்த்தேன். 740. அப்படியென்றால் இந்த மாதம் ஏறத்தாழ 7% கூடியிருக்கிறது. கூடியிருக்கிறது! வளர்ச்சியைச் சரிவு என்று காட்டும் ஒரு படத்தை வைத்துக்கொண்டு இன்று காலை நான்கு பேர் முக்கால் மணி நேரம் காரணம் தேடியிருக்கிறோம்.

சரிசெய்யச் சொன்னால் வரும் யோசனைகள் இன்னும் எரிச்சலைக் கிளப்புகின்றன. "நடப்பு மாதத்தையே மறைத்துவிடலாம்" என்றார் ஒருவர். அப்புறம் எதற்குத் தினமும் ரீஃப்ரெஷ் செய்கிறோம்? உண்மையாகவே 5-ம் தேதி ஏதாவது கெட்டுப்போனால் அடுத்த மாதம்தான் தெரிய வேண்டுமா? "கீழே சின்னதாக ஒரு குறிப்புப் போட்டுவிடலாம்" என்றார் இன்னொருவர். சார்ட்டை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து குழுவில் போடுகிறவர்கள் அந்தக் குறிப்பையும் சேர்த்தா வெட்டுவார்கள்? மவுஸை மேலே கொண்டுபோனால் தெரிகிற குறிப்புக்கும் இதே கதிதான்.

இவற்றையெல்லாம்விட ஆபத்தானது, "ஆறு நாள் கணக்கை முப்பதுக்கு நீட்டிக் காட்டு" என்பது. 790-ஐ ஆறால் வகுத்து முப்பதால் பெருக்கினால் 3,950. போன மாதம் 4,200. ஆக மறுபடியும் சரிவு, இந்த முறை 6%. 81% என்றாலாவது இது என்னமோ தப்பு என்று யாராவது சந்தேகப்படுவார்கள். 6% என்றால் எல்லோரும் நம்பிவிடுவார்கள். எங்கள் ஆர்டர்கள் மாதக் கடைசியில்தான் குவியும். போன மாதத்தின் 740-ஐயும் இதே மாதிரி நீட்டினால் 3,700-தான் வருகிறது, உண்மையில் முடிந்ததோ 4,200-ல். எல்லா நாளும் ஒரே அளவில் விற்கும் என்று வைத்துக்கொண்டால்தான் அந்தப் பெருக்கல் சரி. எந்தத் தொழிலில் அப்படி விற்கிறது?

நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். முடியாத மாதத்தின் பட்டையை வேறு மாதிரி வரையுங்கள். வெளிர் நிறம், இல்லையென்றால் உள்ளே சாய்கோடு. கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தாலும் தெரியும் என்பதால் சாய்கோடுதான் நல்லது. பட்டையின் தலைமேலேயே "6-ம் தேதி வரை" என்று எழுதுங்கள். மேலே இருக்கும் கட்டத்தில் போன மாதத்தின் அதே ஆறு நாளோடு ஒப்பிடுங்கள். ஒரு மாதத்தின் முதல் ஆறு நாளில் ஒரு ஞாயிறு விழலாம், இன்னொன்றில் ஒன்றுகூட விழாமல் போகலாம். அதனால் முதல் சில நாட்களுக்கு அந்த எண்ணையும் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். ஆனாலும் அது நியாயமான ஒப்பீடு.

இதில் ஒரு இடத்தில் எல்லோரும் சறுக்குகிறார்கள். மாதம் முடிந்ததா என்று கணினிக் கடிகாரத்தைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது தரவை. இரண்டு மாதம் முன்பு 30-ம் தேதி இரவு தரவை ஏற்றும் லோடு வேலை பாதியில் நின்றுவிட்டது. 1-ம் தேதி காலையில் கணினியைப் பொறுத்தவரை போன மாதம் முடிந்துவிட்டது, ஆனால் உள்ளே 29-ம் தேதி வரைதான் கணக்கு இருந்தது. ஆர்டர் குவிகிற கடைசி நாளே இல்லாமல் அந்தப் பட்டை முழு மாதம் போல நிமிர்ந்து நின்றது. அதை வைத்து ஒரு அறிக்கையும் போய்விட்டது.

சரி, ஆர்டர் அட்டவணையில் இருக்கும் கடைசித் தேதியை எடுத்துக்கொள்ளலாமே என்றால், வரப்போகும் தேதியிட்ட ஒரே ஒரு ஆர்டர் போதும், கணக்கு தாறுமாறாகிவிடும். லோடு வேலை முழுசாக முடிந்த பிறகு, எந்த நாள் வரை தரவு வந்து சேர்ந்தது என்று அதுவே ஓரிடத்தில் எழுதி வைக்க வேண்டும். எங்களிடம் `load_status` என்று ஒரே ஒரு வரி கொண்ட அட்டவணை. அதிலுள்ள `loaded_through` தேதியை வைத்து, போஸ்ட்கிரெஸில் நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்:

```sql
SELECT date_trunc('month', o.order_date) AS month,
       count(*) AS orders,
       date_trunc('month', o.order_date) + interval '1 month'
         > s.loaded_through + 1 AS is_partial
FROM orders o CROSS JOIN load_status s
WHERE o.order_date <= s.loaded_through
GROUP BY 1, s.loaded_through;
```

தரவு 29-ம் தேதியோடு நின்றிருந்தால், காலண்டரில் அடுத்த மாதமே பிறந்திருந்தாலும் `is_partial` உண்மை என்றுதான் வரும். பட்டையில் சாய்கோடு விழும், மேலே "29-ம் தேதி வரை" என்று இருக்கும். 30-ம் தேதிக் கணக்கு வந்து சேர்ந்த பிறகு, அடுத்த ரீஃப்ரெஷில் தானாகவே முழுப் பட்டையாகிவிடும். யாரும் கையால் எதையும் மாற்ற வேண்டியதில்லை. பாதி ஏறிய நாளின் ஆர்டர்களையும் அந்த `WHERE` வரி வெளியே நிறுத்திவிடுகிறது.

இதைக் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. இன்னும் ஏற்றவில்லை. சாய்கோடு போட்ட பட்டை பக்கத்தின் அழகைக் கெடுக்கிறதாம், மற்ற பட்டைகளோடு ஒட்டவில்லையாம். அய்யா, ஒட்டக் கூடாது என்றுதானே அதைப் போடச் சொல்கிறேன்! அது மற்றவற்றைப் போல முடிந்த மாதம் இல்லை.

இன்று மதியம் விளம்பரச் செலவை நிறுத்தி வைக்கலாமா என்று ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. இணைப்பில் அந்த சார்ட்டின் ஸ்கிரீன்ஷாட், கடைசிப் பட்டையைச் சுற்றி சிவப்பு வட்டம். 790-க்கும் 740-க்கும் உள்ள கதையை மறுபடியும் முதலிலிருந்து எழுதி அனுப்பிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.