திறந்து பார்த்தீங்கன்னு தெரியும் சார்!

ஒரு மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருப்பதற்கு எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். அனுப்பியவர் பதில் எதிர்பார்க்கலாம், நினைவூட்டலாம், போனும் போடலாம். ஆனால் நான் எத்தனை மணிக்குத் திறந்தேன், எத்தனை தடவை திறந்தேன் என்று எனக்குத் தெரியாமல் கணக்கு வைத்துக்கொண்டு, அந்தக் கணக்கை என்னிடமே படித்துக் காட்டினால் கோபம் வருகிறது.

நான் மண்டபம் பக்கம் ஒரு கடல் உணவு கம்பெனியில் கணக்கும் மெயிலும் பார்க்கிறவன். நண்டும் கணவாயும் வாங்கி, ஐஸ் போட்டு, பெட்டி கட்டி அனுப்புகிற இடம். தெர்மாகோல் பெட்டிக்கு விலை கேட்டிருந்தோம். வெளியூர் சப்ளையர் ஒருவர் கொட்டேஷன் அனுப்பினார். மறுநாள் காலை லாரியில் சரக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது போன் வருகிறது.

“சார், நம்ம கொட்டேஷனை நாலு தடவை பார்த்திருக்கீங்க. ராத்திரி பதினொன்றே முக்காலுக்குக்கூட ஓப்பன் பண்ணியிருக்கீங்க. ரேட் பிடிச்சிருக்குன்னு நினைக்கிறேன். இன்னைக்கே ஆர்டரைப் போட்டுடலாமா?”

நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அதுவும் மதியம், சாப்பிட உட்காரும் முன்னால். அப்புறம் அந்த நாலு எங்கிருந்து வந்தது?

அந்த மெயிலை கம்ப்யூட்டரில் திறந்து, ஜிமெயிலில் மூன்று புள்ளியை அழுத்தினால் வரும் Show original என்பதில் போய்ப் பார்த்தேன். கடைசியில் இந்த மாதிரி ஒரு வரி இருந்தது. முகவரியை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறேன்:

```
<img src="https://example.com/o.gif?id=7f3a91" width="1" height="1">
```

இதைத்தான் டிராக்கிங் பிக்சல் என்கிறார்கள். ஒரு புள்ளி அகலம், ஒரு புள்ளி உயரம், நிறம் கிடையாது. கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அந்தப் படம் மெயிலுக்குள் இல்லை, அனுப்பியவருடைய சர்வரில் இருக்கிறது. மெயிலைத் திறந்ததும் நம் போனோ கம்ப்யூட்டரோ “அந்தப் படத்தைக் கொடு” என்று அங்கே போய்க் கேட்கிறது. கேட்ட நேரம் அங்கே பதிவாகிவிடும். id என்று இருக்கிறதே, அது எனக்கென்று மட்டும் போட்ட எண். வேறொருவருக்குப் போன மெயிலில் வேறு எண் இருக்கும். நேரடியாகப் போய்க் கேட்டால் நம் ஐபி முகவரியும் போய்விடும். அதை வைத்து எந்த நெட்வொர்க், ஏறக்குறைய எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். ஜிமெயில் 2013 டிசம்பரிலிருந்து படங்களைத் தன் சர்வர் வழியாகவே எடுத்துக் கொடுக்கிறது. அதனால் ஊர் தெரியாது. திறந்த நேரம் மட்டும் தெரிந்துவிடும்.

உங்கள் மெயிலில் தேடிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: width="1" என்று நேராக இருக்காது, பல நேரம் width=3D"1" என்று இருக்கும். சில மெயில்களில் எல்லாமே புரியாத எழுத்துக் குவியலாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அப்போது கண்ணால் தேடிப் பயனில்லை.

இப்போது அந்த நாலைப் பிரிப்போம். முதலாவது நான். பார்த்த கையோடு முதலாளிக்கும் ஆடிட்டருக்கும் ஃபார்வர்டு செய்தேன். மெயிலோடு அந்தப் புள்ளியும் சேர்ந்தே போனது, அதே எண்ணோடு. ஆடிட்டர் இரண்டு தடவை பார்த்தாராம். அந்த இரண்டும் என் கணக்கில் ஏறியிருக்கிறது. மீதி இருப்பது ராத்திரி பதினொன்றே முக்கால். முதலாளி ஒன்பது மணிக்கே படுத்துவிடுவார், விடியுமுன் கரைக்குப் போகிற மனிதர். ஆனால் அவர் கையில் இருப்பது ஐபோன். 2021 செப்டம்பரிலிருந்து ஆப்பிளின் மெயில் ஆப்பில் ஒரு பாதுகாப்பு வசதி உண்டு. அதை ஆன் செய்திருந்தால், ஆள் திறந்தாலும் திறக்காவிட்டாலும் மெயிலில் உள்ள படங்களை அது தானாகவே பின்னணியில் இறக்கி வைத்துக்கொள்ளும். உளவு பார்க்கிறவனுக்குக் குழப்பம் வரட்டும் என்றே வைத்த ஏற்பாடு. முதலாளி போனில் அது ஆன் செய்துதான் இருக்கிறது. ஆக, ராத்திரி கொட்டேஷன் பார்த்தது மனிதரே இல்லை, சார்ஜில் கிடந்த போன் என்பது என் கணிப்பு.

என் எரிச்சலில் பாதி இதற்குத்தான். ஒளிந்திருந்து பார்ப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், பார்த்ததும் தப்பு. பெரிய கம்பெனிகளில் வைரஸ் சோதிக்கிற மென்பொருள் மெயில் உள்ளே வரும்போதே படத்தையும் லிங்கையும் தட்டிப் பார்க்கும், அதுவும் “படித்தார்” என்று விழும். இன்னொருவர் படங்களை நிறுத்தி வைத்துவிட்டு முழுதாக வரிக்கு வரி படித்திருப்பார், அவர் “திறக்கவே இல்லை” பட்டியலில் இருப்பார். இதை நம்பி ஒருவர் போன் போட்டு “ரேட் பிடிச்சிருக்கு” என்கிறார். எங்களுக்கு ரேட் அதிகமாகப் பட்டதால்தான் ஆடிட்டர் இரண்டாம் தடவை பார்த்தார்!

மீதிப் பாதி, கேட்காமல் செய்வது. மெயிலில் படித்ததற்கு ரசீது கேட்கிற முறை ஒன்று நேர்மையாகவே இருக்கிறது, 1998இலேயே அதற்கு விதிமுறை எழுதிவிட்டார்கள். அனுப்புகிற மெயிலின் தலைப்பகுதியில் Disposition-Notification-To என்று ஒரு வரி சேரும். பெறுகிறவரின் மென்பொருள் “அனுப்பியவர் ரசீது கேட்கிறார், கொடுக்கலாமா?” என்று கேட்கும். வேண்டாம் என்றால் வேண்டாம். பெறுகிறவர் சம்மதம் வாங்கிய பிறகே ரசீது அனுப்பும்படி அந்த விதியே வலியுறுத்திப் பரிந்துரைக்கிறது. முன்பு பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையை நீட்டி தபால்காரர் கையெழுத்துக் கேட்பாரே, அந்த மாதிரி. சாதாரண ஜிமெயில் கணக்கில் இந்த வசதி கிடையாது, ஆபீஸ் கணக்கில் நிர்வாகி திறந்துவிட்டால்தான் உண்டு. இல்லை என்று சொல்ல ஒரு பட்டன் இருக்கிற முறையை விட்டுவிட்டு, பட்டனே இல்லாத முறையை விற்பனைக்காரர்கள் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியமில்லை. 2019இல் சூப்பர்ஹியூமன் என்ற மெயில் செயலி, திறந்த நேரத்தோடு இடத்தையும் அனுப்பியவருக்குக் காட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் அதை விளக்கி எழுதி, பெரிய சத்தமானது. சில நாளிலேயே இடம் காட்டுவதை எடுத்துவிட்டார்கள். சத்தம் போட்டால் நடக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

வாட்ஸ்அப் ப்ளூ டிக் இதை விடப் பரவாயில்லை. இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், வேண்டாம் என்றால் நிறுத்தலாம், நிறுத்தினால் மற்றவர்களுடையதும் நமக்குத் தெரியாது. சமமான பேரம். கீழக்கரையில் துபாய்க்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு, டிக் நீலமானதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிற தாய்மார்களிடம் நான் வாதம் பண்ணப் போவதில்லை.

சரி, எப்போதுதான் இதைப் பயன்படுத்தலாம்? என் மச்சான் பாம்பனில் படகுக்காரர்கள் வாட்ஸ்அப் குழு ஒன்றைப் பார்த்துக்கொள்கிறார். காற்று அதிகம் என்று எச்சரிக்கை வந்து, கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் கொடுக்காது என்று தெரிந்தால் அவர்தான் செய்தி போடுவார். நான் ஒரு நாள் பக்கத்தில் இருந்தேன். போட்ட செய்தியை அழுத்திப் பிடித்து உள்ளே போனால் யார் யார் படித்தார்கள், யார் போனுக்கு வந்தும் படிக்கவில்லை என்று பட்டியல் வரும். குழுவில் மட்டும் ப்ளூ டிக்கை யாரும் மறைக்க முடியாது.

“பாதிப் பேருக்கு மேல படிச்சிட்டாங்க மச்சான்” என்றேன்.

“படிச்சது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா மச்சான்? ஓனர் போன் வீட்டுல இருக்கும், அவரு மக படிச்சிருக்கும். டிரைவரு படகுல தூங்குவான். எனக்குப் படிச்சவன் கணக்கு வேணாம், படிக்காதவன் கணக்குத்தான் வேணும்.”

அவர் செய்தியிலேயே “படகு நம்பரோடு சரி என்று போடவும்” என்று கேட்டிருந்தார். சரி போட்டவர்கள் முடிந்தது. மிச்சப் பேரில் யாருக்கு செய்தியே போய்ச் சேரவில்லையோ, அவர்களுக்கு முதல் போன். ஏனென்றால் அந்த போன் அணைந்திருக்கிறது, அல்லது ஆள் ஏற்கெனவே சிக்னல் இல்லாத தூரத்தில் தென்கடலில் இருக்கிறார். போன் எடுக்காவிட்டால் வீட்டுக்கு ஆள் போகும், பக்கத்துப் படகுக்கு வயர்லெஸ்ஸில் சொல்வார்கள். படித்தும் பதில் போடாதவர்களைக் கடைசியில் கூப்பிட்டார். யாரிடமும் “நீ ஆறு மணிக்கே படிச்சுட்டியே” என்று கேட்கவில்லை.

எனக்கு இதுதான் அளவுகோல். அந்தத் தகவல் தெரியாவிட்டால் நஷ்டம் யாருக்கு? படகுக்காரருக்கு என்றால் பார்க்கலாம், அதுவும் அவருக்குத் தெரிந்து. அனுப்பியவரின் விற்பனைக்கு என்றால் கேட்டுவிட்டுப் பார்க்கட்டும்.

நடுவில் ஒன்று இருக்கிறது, மாதாமாதம் ஆயிரம் பேருக்குச் செய்திமடல் அனுப்புகிறவர்கள். யாருமே படிக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுவது நியாயம்தான். அதற்கு ஆளுக்கு ஒரு எண் எதற்கு? எல்லோருக்கும் ஒரே படம், ஒரே முகவரி என்று போட்டால் உத்தேசமாக எவ்வளவு பேர் என்று தெரியும், எவர் என்று தெரியாது. கணக்கு குறையும், சரியாக வராது. ஆளுக்கு எண் போட்டாலும் சரியாக வரப்போவதில்லை என்று மேலேயே பார்த்தோம்.

இதை நிறுத்த விரும்புகிறவர்கள் ஜிமெயிலில் Settings போய் General பகுதியில் Images என்ற இடத்தில் Ask before displaying external images என்பதைத் தேர்ந்தெடுங்கள். போன் ஆப்பிலும் உண்டு. அப்புறம் கடை விளம்பர மெயில்கள் எல்லாம் வெற்றுக் கட்டமாக வரும், எனக்கு அது நிம்மதியாகவே இருக்கிறது. மெயிலில் உள்ள லிங்கை அழுத்தினால் அது தனியாகப் பதிவாகும், இந்த செட்டிங் அதைத் தடுக்காது.

மெயில் போய்ச் சேர்ந்ததா என்று எனக்கும் தெரிய வேண்டியிருக்கிறது, ஏற்றுமதிக் காகிதம் ஒன்று தங்கினால் சரக்கே தங்கும். அப்படிப்பட்ட மெயிலில் இப்படி ஒரு வரி போடுகிறேன்: “கிடைத்ததும் ஒரு வரி பதில் போடவும். வெள்ளி மதியத்துக்குள் வராவிட்டால் நானே போன் செய்கிறேன்.” பெரும்பாலும் பதில் வந்துவிடுகிறது. வராதவர்களை வெள்ளி மதியம் கூப்பிடுகிறேன், யாரும் கோபப்பட்டதில்லை.