பெயருக்கு முன்னும் பின்னும் எத்தனை?

காரைக்குடியில் விழா மலர்களுக்கும் அழைப்பிதழ்களுக்கும் மெய்ப்புத் திருத்துவது என் பிழைப்பு. அதனால் இந்த ஊரில் யார் என்ன படித்தார்கள், எந்த மன்றம் யாருக்கு என்ன பட்டம் கொடுத்தது என்பதெல்லாம் அவரவர் சொந்தக்காரர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும் (தெரிந்து என்ன செய்ய, அது வேறு கதை). மலருக்கு வரும் தன்குறிப்புகளைப் படித்துப் படித்து எனக்கு ஒரு கருத்து உண்டாகிவிட்டது. பட்டத்தைப் போடுவது தற்பெருமை என்று நான் சொல்லமாட்டேன். படித்து வாங்கியதைப் போட்டுக்கொள்ள ஒருவருக்கு முழு உரிமை இருக்கிறது. ஆனால் போட்ட ஒவ்வொரு எழுத்தும் படிக்கிறவருக்கு ஏதாவது ஒரு வேலை செய்யவேண்டும், செய்யாவிட்டால் பக்கத்தில் இருக்கும் நல்ல எழுத்தையும் அது மறைத்துவிடும்.

நம் பக்கத்தில் இன்னொரு தொல்லை உண்டு. செட்டிநாட்டில் பெயருக்கு முன்னாலேயே மூன்று நான்கு தலைப்பெழுத்துகள் இருக்கும். அப்பா, ஐயா, அவர் அப்பா என்று ஒரு தொடர். ஊர்க்காரர்களுக்கு அதைப் பார்த்ததும் எந்த வீடு, எந்தத் தொழில் வழி என்று பிடிபட்டுவிடும். இந்த வரிசைக்கு முன்னால் முனைவர், பேராசிரியர், இரண்டு மூன்று பாராட்டுப் பட்டங்கள், பின்னால் ஐந்து படிப்பு என்று சேர்த்தால், நடுவில் இருக்கும் பெயரைத் தேடத்தான் வேண்டும். மேடையில் தொகுப்பாளர் மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டே போய், பெயர் வரும்போது சரியாக அங்கேதான் தடுமாறுவார். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சமீபத்தில் ஒரு ஆச்சியின் குறிப்பு வந்தது. கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஒரு மலரில் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தார், அதற்கு ஆசிரியர் குறிப்பு. முன்னால் முனைவர், பேராசிரியர், கவிச்சுடர், செந்தமிழ்ச் செல்வி. பின்னால் எம்.ஏ., எம்.ஏ., எம்.எட்., எம்.ஃபில்., பிஎச்.டி. அதற்குப் பின்னால் கணினியில் ஒரு டிப்ளமோ. இரண்டு வரி முழுக்க இதுதான், அவர் என்ன செய்திருக்கிறார் என்று ஒரு சொல் இல்லை.

போனில் கூப்பிட்டு, "ஆச்சி, கொஞ்சம் குறைக்கலாமா?" என்றேன்.

"ஒண்ணொண்ணும் ராத்திரி முழிச்சுப் படிச்சு வாங்குனது தம்பி. எம்.எட்.டை எடுத்துட்டா நான் படிக்கவே இல்லைன்னு ஆயிருமே" என்றார்.

நியாயமான வருத்தம்தான். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் இரண்டாவது எம்.ஏ. படித்தவர் அவர். ஆனாலும் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினோம்.

முதலில், முனைவர் என்று முன்னால் போட்டால் பின்னால் பிஎச்.டி. வேண்டாம். இரண்டும் ஒரே பட்டத்தைத்தான் சொல்கின்றன. அடுத்தது, அதே துறையில் மேலே உள்ள பட்டம் கீழே உள்ளதைத் தன்னுள் அடக்கிவிடும். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவர் தமிழில் எம்.ஏ. படித்திருப்பார் என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை. எம்.ஃபில். கதையும் அதேதான். 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு அந்தப் படிப்பையே நிறுத்திவிட்டது. அதற்கு முன் வாங்கியவர்களுக்கு அது செல்லும், ஆனால் அவருக்கு அதற்கு மேலேயே ஒன்று இருக்கிறதே.

அப்புறம் 'பேராசிரியர்'. நம் ஊரில் கல்லூரியில் பாடம் எடுத்தால் எல்லோரும் பேராசிரியர்தான், பேச்சில் அது மரியாதை, தப்பில்லை. ஆனால் உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் மூன்றும் வெவ்வேறு பதவிகள். அச்சில் போடும்போது ஓய்வு பெற்ற நாளில் என்ன பதவியோ அதைத்தான் போடவேண்டும். ஆச்சி இணைப் பேராசிரியராக ஓய்வு பெற்றவர். அவருக்கே "பேராசிரியர்" என்று போட்டது நெருடலாகத்தான் இருந்திருக்கிறது, போன மலரில் யாரோ போட்டுவிட்டார்கள், அப்படியே ஒட்டிக்கொண்டது.

இப்போது மிஞ்சியது அவரே மறந்த ஒன்று: அந்த இரண்டாவது எம்.ஏ. வரலாற்றில் வாங்கியது. முனைவர் பட்டமோ யாப்பிலக்கணத்தில். கட்டுரையோ பழைய வீடுகள் கட்டிய செலவைப் பற்றி. அப்படியென்றால் இந்தக் கட்டுரைக்கு எந்தப் பட்டம் பேசும்? பிஎச்.டி. அல்ல, வரலாற்று எம்.ஏ. தான் கொஞ்சம் பேசும். அதைவிடப் பெரியது, அவர் பல வீடுகளில் பரணில் கிடந்த பேரேடுகளையும் பர்மாவிலிருந்து வந்த கடிதங்களையும் வாங்கிப் படித்து, தேக்குக்கு எவ்வளவு, ஆத்தங்குடிக் கல்லுக்கு எவ்வளவு, கொத்தனாருக்கு எவ்வளவு என்று குறித்து வைத்திருக்கிறார் என்பது. கட்டுரையை நம்புவதா வேண்டாமா என்று வாசகர் முடிவு செய்ய உதவுவது அதுதான். அதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் எழுத்து கொடுக்கவில்லை, அதனால் குறிப்பில் அது விட்டுப்போயிருந்தது!

கடைசியில் அச்சில் போனது இது: "கல்லூரித் தமிழ்த் துறையில் இணைப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். யாப்பிலக்கணத்தில் முனைவர் பட்டமும் வரலாற்றில் முதுகலைப் பட்டமும் பெற்றவர். நகரத்தார் வீடுகளில் உள்ள பேரேடுகளையும் கடிதங்களையும் படித்து, வீடு கட்டிய செலவுக் கணக்குகளைப் பற்றி எழுதிவருகிறார்." எம்.எட். போய்விட்டது. ஆனால் அதே ஆச்சி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றுக்குப் பேசப் போனால் அந்த எம்.எட். முதல் வரியில் வரவேண்டும், யாப்பிலக்கணம் பின்னால் போகலாம். ஒரே குறிப்பை எல்லா இடத்துக்கும் அனுப்புவதுதான் தப்பு. பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் விவரப் படிவம் வேறு, அதில் ஆண்டோடு, பல்கலைக்கழகப் பெயரோடு எல்லாவற்றையும் எழுதத்தான் வேண்டும், அங்கே குறைத்தால் சம்பளமே குறையும்.

முகநூல் பயோவுக்கு வந்தால் இடமே கிடையாது. 101 எழுத்துதான், அதிலும் நம் தமிழுக்குப் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாகக் கணக்காகும். "எம்.ஏ., எம்.எட்., எம்.ஃபில்., பிஎச்.டி." என்று மட்டும் போட்டாலே 39 போய்விடும். ஆச்சிக்கு நான் போட்டுக் கொடுத்தது: "யாப்பில் முனைவர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். செட்டிநாட்டு வீட்டுக் கணக்கேடுகள் பற்றி எழுதுகிறேன்." 95-க்குள் முடிந்தது.

கவிச்சுடரையும் செல்வியையும் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். எடுத்துவிட்டேன். பிறர் அழைப்பிதழில் போடுவது வேறு. அது அவர்கள் செய்யும் மரியாதை. தன் பெயருக்கு முன்னால் தானே 'திரு' போட்டுக் கையெழுத்துப் போடும் வழக்கம் நம்மிடம் கிடையாது, பாராட்டுப் பட்டத்துக்கும் அதே கணக்குதான். இந்த ஊரிலேயே பாருங்கள். 1939-இல் கம்பன் கழகத்தைத் தொடங்கிய சா. கணேசன், கம்பன் அடிப்பொடி என்று சொல்லிக்கொண்டவர். அந்த ஒரு சொல்லில் அவர் யார், என்ன செய்தார் என்று எல்லாம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் வெள்ளையர் கொடுத்த சர் பட்டத்தை விடுதலைக்குப் பின் துறந்துவிட்டார். ஊர் கொடுத்த 'வள்ளல்' இன்னும் அவர் பெயரோடு நிற்கிறது, அதை அவர் தாளில் அச்சடித்துக்கொண்டதால் அல்ல.

பத்ம விருதுகள் விஷயத்தில் இது வெறும் பண்பாடு அல்ல, விதி. அரசியலமைப்பின் 18-ஆவது பிரிவு, படிப்பும் படையும் சார்ந்த சிறப்புகள் தவிர வேறு பட்டங்களை அரசு வழங்கக்கூடாது என்கிறது. அப்படியானால் பத்ம விருதும் பாரத ரத்னாவும் மட்டும் எப்படி என்று வழக்குப் போட்டார்கள். இவை பட்டங்கள் அல்ல, விருதுகள், ஆகவே பெயருக்கு முன்னும் பின்னும் சேர்க்கக்கூடாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'பத்மஸ்ரீ இன்னார்' என்று அழைப்பிதழ் அடிக்கக் கேட்டு வருகிறவர்களிடம் நான் இதைச் சொன்னால், என்னைத்தான் விரோதமாகப் பார்ப்பார்கள். குறிப்பின் உள்ளே "பத்மஸ்ரீ விருது பெற்றவர்" என்று ஆண்டோடு எழுதுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை.

மதிப்புறு முனைவர் என்பது இன்னொரு கூத்து. உண்மையான பல்கலைக்கழகம் பட்டமளிப்பு விழாவில் கொடுத்தால் அது கௌரவம், சந்தேகமே இல்லை. அதையும் குறிப்பில் 'மதிப்புறு' என்ற சொல்லோடு, கொடுத்த பல்கலைக்கழகத்தின் பெயரோடு எழுதினால் போதும், ஆராய்ச்சி செய்து வாங்கியவரோடு குழப்பம் வராது. ஆனால் இப்போது ஹோட்டல் ஹாலில் கறுப்பு அங்கி மாட்டி, பணம் வாங்கிக்கொண்டு கையில் கொடுக்கிறார்களே, கேள்விப்படாத ஊர்ப் பெயரில், அது எதிலும் சேராது. 1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆவது பிரிவுப்படி, சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகமோ, அதிகாரம் பெற்ற நிறுவனமோதான் பட்டம் கொடுக்க முடியும். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் அந்தக் குழுவே வெளியிடுகிறது. சந்தேகம் வந்தால் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எந்தப் பல்கலைக்கழகம்ணே, பேரைச் சேர்த்துப் போட்டுறலாமா?" உண்மையாக வாங்கியவர் சந்தோஷமாகச் சொல்வார். மற்றவர் "அதெல்லாம் எதுக்குப்பா, டாக்டர்னு மட்டும் போடு" என்பார்.

இதற்கு நேர் எதிராக ஓர் இடம் இருக்கிறது, அங்கே ஓர் எழுத்துக்கூடக் குறைக்கக்கூடாது. மருத்துவர். அவர்களுடைய 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதி, அங்கீகாரம் பெற்ற மருத்துவப் பட்டங்களையும், தொழில்சார்ந்த அறிவைக் காட்டும் சான்றிதழ் போன்றவற்றையும் மட்டுமே பெயருக்குப் பின்னால் போடலாம் என்கிறது. மருந்துச் சீட்டில் பதிவு எண்ணும் இருக்கவேண்டும். இங்கே நோயாளி உண்மையிலேயே அந்த எழுத்துகளைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார். அதனால் வெறும் எம்.டி. என்று நிறுத்தாமல் எம்.டி. (பொது மருத்துவம்), எம்.டி. (சித்தா) என்று அடைப்புக்குறிக்குள் துறையையும் போடவேண்டும். அந்த அடைப்புக்குறியில்தான் முழு விஷயமே இருக்கிறது. முகாம் நோட்டீசில் இடமில்லை என்று அதை நீக்கச் சொன்னால், நான் ரோட்டரி, லயன்ஸ் பதவிகளை நீக்கிவிட்டு அதை வைத்துக்கொள்வேன்.

ஆய்வு செய்துகொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. ஆய்வேடு கொடுத்தாயிற்று என்பதால் முனைவர் ஆகிவிடாது, வாய்மொழித் தேர்வு முடியட்டும். அதுவரை "முனைவர் பட்ட ஆய்வாளர்" என்று, தலைப்போடு போடுங்கள். தலைப்பு சுவையாக இருந்தால் அதற்காகவே கூப்பிட்டுப் பேசச் சொல்வார்கள்.

கடைசியாக, முகநூலில் பெயர்ப் பெட்டிக்குள்ளேயே டாக்டர், கவிஞர், வழக்கறிஞர் என்று சேர்த்திருப்பவர்கள் கவனத்துக்கு: பெயரில் எந்தப் பட்டமும் கூடாது என்பது முகநூலின் விதி. கணக்கு முடங்கி அடையாள அட்டை கேட்டால், உங்கள் ஆதாரில் 'கவிஞர்' இருக்காது. பயோவுக்கு மாற்றிவிடுங்கள், 101-க்குள்.