கோச்சுக்குக் காசு கொடுப்பவள் ஏமாளியா?

ஞாயிற்றுக்கிழமை நம் குழுவில் ஒரு தங்கை கேட்டது சின்னக் கேள்விதான். 5 வருடம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்ப வேலைக்குப் போகணும், ஒரு கேரியர் கோச் 45,000 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டாள். அதற்கு வந்த பதில்களை எல்லோரும் பார்த்தீர்கள். "சீனியர் யாரையாவது கேட்டால் சும்மாவே சொல்வாங்களே", "கேள்வி கேட்கிறதுக்கெல்லாம் ஒரு ஆளா", கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் பதிவையே காணோம். நீக்கிவிட்டாள். அப்போதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

சீனியர் செய்வது வேறு வேலை, கோச் செய்வது வேறு வேலை. மென்டர் என்று நாம் சொல்லும் அந்த மூத்தவர் உங்கள் துறையில் உங்களுக்கு முன்னால் நடந்தவர். எந்தச் சான்றிதழுக்கு மதிப்பு, எந்த டீமில் ஆள் எடுக்கிறார்கள், இந்த அனுபவத்துக்கு என்ன சம்பளம் கேட்கலாம் என்று சொல்வார், முடிந்தால் நாலு பேரிடம் அறிமுகமும் செய்து வைப்பார். கோச்சுக்கு உங்கள் தொழில் தெரிந்திருக்கவே வேண்டியதில்லை. நீங்கள் எங்கே சிக்கி நிற்கிறீர்கள் என்று உங்கள் வாயாலேயே வரவைப்பதும், செய்கிறேன் என்று நீங்கள் சொன்னதை அடுத்த முறை மறக்காமல் கேட்பதும்தான் அவர் வேலை. ஒருவரிடம் கேட்க வேண்டியதை இன்னொருவரிடம் கேட்டால் இரண்டு பேர் மேலும் கோபம்தான் வரும்.

என் கதையைச் சொல்கிறேன். 11 வருடம் சோலிங்கநல்லூரில் மென்பொருள் டெஸ்டிங் வேலை, அப்புறம் குழந்தை, மாமியாரின் உடம்பு, 4 வருட இடைவெளி. திரும்ப விண்ணப்பிக்க ஆரம்பித்து 60 இடத்துக்கு மேல் ரெஸ்யூமே அனுப்பினேன், 2 அழைப்பு வந்தது. அந்தப் பதற்றத்தில் முதலில் ஏமாந்தேன், மறைக்கவில்லை. "90 நாளில் வேலை உறுதி, இன்று இரவு 12 மணி வரைதான் சலுகை" என்றவருக்கு 18,000 ரூபாய் கட்டினேன். வந்தது பதிவு செய்த வீடியோக்களும் ஒரு ரெஸ்யூமே மாதிரியும். என்னைப் பற்றி ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை என்பது பணம் போன பிறகுதான் உறைத்தது. வேலை உறுதி என்று எந்த கோச்சாலும் சொல்ல முடியாது, வேலை கொடுப்பது அவர் இல்லையே.

ஆறு மாதம் கழித்து ஒரு தோழி சொல்லி இன்னொரு கோச்சிடம் பேசினேன். முதல் 20 நிமிடப் பேச்சுக்குக் காசு இல்லை. "கடைசியில் என்ன மாறியிருந்தால் இந்தப் பணம் வீண் இல்லை என்பீர்கள்?" என்று கேட்டார். வேலை கிடைத்தால் என்றேன். "அது என் கையில் இல்லை. ரெஸ்யூமே மட்டும் சரிசெய்யணும் என்றால் அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், செலவும் குறைவு. தூக்கமே வரவில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் முதலில் கவுன்சிலரைப் பாருங்கள்" என்றார். வாடிக்கையாளரை அனுப்பி வைக்கத் தயாராக இருந்தார் பாருங்கள், அதனால்தான் நம்பினேன். 6 சந்திப்பு, ஒன்றுக்கு 3,500 ரூபாய், பேசியது வெளியே போகாது, 24 மணி நேரத்துக்கு முன் சொன்னால் தேதி மாற்றலாம், பாதியில் நின்றால் மீதிப் பணம் திரும்ப வரும் என்று எல்லாம் எழுத்தில் கொடுத்தார்.

முதல் சந்திப்பின் முடிவில் அவர் சொன்னது: "இந்த ஒரு மணி நேரத்தில் 'வெறும் டெஸ்டிங்தான்' என்று 9 முறை சொன்னீர்கள்." எண்ணி வைத்திருக்கிறார்! அடுத்த முறைக்குள், வேலையில் நான் சிக்கலைத் தீர்த்த 12 சம்பவங்களை எழுதிவரச் சொன்னார். எழுதிப் பார்த்தால் 8 சம்பவம் டெஸ்டிங்கே இல்லை. மென்பொருள் வெளியாகும் ரிலீஸ் இரவன்று டெவலப்பரையும் கிளையன்ட்டையும் ஒரே அழைப்பில் உட்காரவைத்து, எது இன்று போகும், எது நிற்கும் என்று முடிவெடுக்க வைத்த சம்பவங்கள். 11 வருடம் செய்ததை நானே கவனிக்கவில்லை. ரிலீஸ் ஒருங்கிணைப்பு வேலைக்குப் போகலாமா என்று நான்தான் சொன்னேன், அவர் சொல்லவில்லை.

இங்கேதான் மென்டர் தேவைப்பட்டார். அந்த வேலைக்கு இன்று என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கோச்சுக்குத் தெரியாது, தெரியாது என்றே சொன்னார். என் பழைய மேனேஜரைப் பிடித்தேன். வங்கி மென்பொருள் செய்யும் இடங்களில் இதற்கென்றே ஆள் வைக்கிறார்கள், ஜிரா, ஜென்கின்ஸ் என்ற மென்பொருள் கருவிகளை ஓரளவு பழகிக்கொள் என்று அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டார். அதே மனிதரிடம் ஒரு வருடம் முன்பு "என்ன செய்யட்டும் சார்" என்று கேட்டபோது, "குழந்தை இருக்கு, சப்போர்ட் வேலையில் உட்காரும்மா" என்றார். அவர் கெட்டவர் இல்லை. என் கேள்வி தெளிவாக இல்லாதபோது அவர் பார்வையில் எனக்கு எது பொருத்தமோ அதைச் சொன்னார். கேள்வி தெளிந்த பிறகு நல்ல பதில் சொன்னார்.

ஐந்தாவது சந்திப்பு முழுக்கச் சம்பளப் பேச்சு. கோச் ஹெச்ஆராக உட்கார்ந்து "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்க, "நீங்க பார்த்துக் கொடுங்க" என்று வாய் தானாகச் சொன்னது. ஒரு தொகையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பதை 7 முறை செய்ய வைத்தார். ஐந்தாவது முறை அழுதேன். மொத்தச் செலவு 21,000. நாலு மாதம் கழித்து வேலை கிடைத்தது, கோச்சால்தான் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன்.

கோச் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாமே என்கிறீர்கள். உண்மை, அரசு உரிமம் எதுவும் கிடையாது. இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் மாதிரி அமைப்புகள் சான்று தருகின்றன. அவர்களின் தொடக்கநிலைச் சான்றுக்கே பயிற்சி வகுப்பு போக 100 மணி நேரம் கோச்சிங் செய்திருக்க வேண்டும், அடுத்த நிலைக்கு 500. அது இருந்தால் நல்லவர் என்று ஆகிவிடாது, விசாரிக்க ஒரு இடம் இருக்கிறது, அவ்வளவுதான். தோழிகளிடம் பேசினால் போதாதா? போதாது. என் தோழிகள் என்மேல் உள்ள பிரியத்தில் நான் சொன்னதற்கெல்லாம் ஆமாம் போட்டார்கள்.

ஆனால் "சும்மா சொல்வாங்களே" என்ற அந்த வரிதான் என்னைச் சுடுகிறது. யாருக்கு அண்ணா சும்மா சொல்வார்கள்? உங்கள் சித்தப்பா கம்பெனியில் டெலிவரி ஹெட், உங்கள் கல்லூரி சீனியர் குழுவில் ஒரு செய்தி போட்டால் பத்துப் பேர் போன் செய்வார்கள். என் அப்பா அம்பத்தூரில் லேத் ஓட்டினார். எங்கள் வீட்டில் ஐடி கம்பெனிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். 4 வருடம் கழித்து யாருக்குப் போன் செய்வது என்று தெரியாமல் பழைய எண்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த மத்தியானங்கள் எனக்குத் தெரியும். அப்படி ஒருத்தி தயங்கித் தயங்கிக் கேட்டதற்கா அத்தனை சிரிப்பு?

எல்லோரும் கோச் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவே இல்லை. தெரிய வேண்டியது தகவல் என்றால் மென்டர் போதும். எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுத்துவிட்டாலும் மென்டர் போதும். தகவலெல்லாம் கையில் இருந்தும் மாதக்கணக்காக நகர முடியவில்லை என்றால் கோச்சைப் பற்றி யோசிக்கலாம், அதுவும் கடன் வாங்காமல்.

தங்கச்சி, இதைப் படிக்கிறாய் என்றால், 45,000 மொத்தமாக முன்பணமா, எத்தனை சந்திப்புக்கு, பாதியில் நின்றால் எவ்வளவு திரும்ப வரும் என்று அவரிடம் எழுத்தில் கேள். முதலில் ஒரு சந்திப்புக்கு மட்டும் கட்டுகிறேன் என்று சொல்லிப் பார். அவர் என்ன பதில் அனுப்புகிறாரோ அதை எனக்கு இன்பாக்ஸில் அனுப்பு, இரண்டு பேரும் சேர்ந்து படிப்போம்.