பச்சைக் குறி வந்தால் போதுமா?

“அக்ரோபாட்டின் அணுகல்தன்மைச் சோதனையில் பிழை எதுவும் இல்லையென்றால், அந்த பிடிஎஃப் திரைவாசிப்பானுக்குத் தயார்.”

இது உண்மையன்று. தலைப்பு, பத்தி எனப் பகுதிகளை அடையாளம் காட்டும் குறிச்சொற்கள் கோப்பில் இருக்கின்றனவா என்பதை அச்சோதனை பார்க்கும். அவை சரியான வரிசையில் உள்ளனவா என்பதை அதனால் தீர்மானிக்க இயலாது. அதனால்தான் முடிவுப் பட்டியலில் `Logical Reading Order` என்பதற்கு எதிரே `Needs manual check` என்றே நிற்கும். பலரும் அந்த வரியைப் படிப்பதில்லை.

சென்னைக் கல்லூரி ஒன்றின் தேர்வு அறிவிப்பு இரண்டு நெடுவரிசைகளில் இருப்பதாகக் கொள்வோம். இடப்பக்கம் பொதுத் தேர்வர்களுக்கும் வலப்பக்கம் தனித்தேர்வர்களுக்கும் உரிய விதிகள். இரு தலைப்புகளும் முதலிலும், இரண்டு கட்டணப் பத்திகளும் அவற்றின் பின்னும் குறியிடப்பட்டிருந்தால், எந்தத் தொகை யாருக்கு என்பது கேட்பவருக்குத் தெரியாது. கண்ணுக்கோ பக்கம் குறையின்றித் தோன்றும்.

திருத்த, `Tags` பலகத்தைத் திறந்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு குறியையும் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் எந்தப் பகுதி ஒளிர்கிறது என்று பார்த்து, இடம் மாறியதை இழுத்து உரிய தலைப்பின் கீழ் வைக்க வேண்டும். `Order` பலகத்தின் எண்களை மட்டும் நம்பக் கூடாது. அது உள்ளடக்க வரிசையைக் காட்டுகிறது, திரைவாசிப்பான்களோ பொதுவாக `Tags` பலகத்தில் உள்ள குறிமரத்தையே பின்பற்றுகின்றன. பிறகு கோப்பைச் சேமித்து, இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானில், திரையைப் பாராமல், முதலிலிருந்து கடைசிவரை கேட்டுப் பார்க்க வேண்டும்.