கூப்பிடுகிறவர்கள் பழைய கணக்கையும் திறக்கட்டும்

வேலைக்குத் திரும்பி வந்த பழைய ஊழியர்கள் கேக் வெட்டுவதாக ஒரு கம்பனி போட்ட படத்தை நேற்றிலிருந்து எத்தனை பேர் பகிர்ந்துவிட்டார்கள்! "பழைய ஊழியர்களுக்கு எங்கள் கதவு எப்போதும் திறந்திருக்கும்." நல்லது. திறந்த கதவுக்குள் நுழைகிறவன் கையில் கொடுக்கும் கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதையும் யாராவது படம் பிடித்துப் போட்டிருக்கலாம்.

கேக் வெட்டியவர்களில் ஒருவர் என் மச்சான். அவர் சம்மதித்ததால்தான் எழுதுகிறேன். 2018 மார்ச்சில் சேர்ந்தார். 2022 ஒக்டோபரில் விட்டார். நான்கு வருடம் ஏழு மாதம். இலங்கையின் பணிக்கொடைச் சட்டப்படி (1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம்) ஐந்து வருடம் பூர்த்தியானால்தான் வேலையை விடும்போது கம்பனி அந்தப் பணத்தைத் தரவேண்டும். ஐந்து மாதம் குறைந்ததால் ஒரு சதமும் இல்லை. சரி, அது சட்டம், அதில் எனக்குச் சண்டை இல்லை.

பிறகு 2024 பெப்ரவரியில் அவர்களே கூப்பிட்டார்கள். அனுபவம் வேண்டுமாம், புதிதாக ஒருவரைப் பழக்க நேரமில்லையாம். ஆனால் கடிதத்தில் "புதிய நியமனம், முந்தைய சேவை கணக்கில் கொள்ளப்படாது". அனுபவம் வேண்டும், அதைச் சேர்த்துத் தந்த வருடங்கள் வேண்டாம்!

இது வெறும் மானப் பிரச்சினை இல்லை. மாதச் சம்பளக்காரருக்குப் பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரைவாசி பணிக்கொடை. அவருடைய சம்பளம் இப்போது ஒரு இலட்சத்து இருபதாயிரம். இடைவெளியைக் கழித்துவிட்டுப் பழைய சேவையைச் சேர்த்திருந்தால், 2026 பெப்ரவரியில் ஆறு வருடம் ஏழு மாதம். அறுபதாயிரம் பெருக்கல் ஆறு, மூன்று இலட்சத்து அறுபதாயிரம். புதிய நியமனம் என்றால் அதே நாளில் பூச்சியம். 2029 பெப்ரவரி வரைக்கும் பூச்சியம்தான். வருடாந்த லீவும் அப்படித்தான், கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் முதல் வருடத்தில் புது ஆளுக்கு அது கிடையாது. ஏற்கெனவே நான்கரை வருடம் அங்கே வேலை பார்த்த மனிதர் மகளின் பரீட்சைக்கு லீவு கேட்கப் புதுப் பொடியன்களோடு வரிசையில் நின்றார்.

"தானாகத்தானே விட்டுப் போனார், யாரும் துரத்தவில்லையே" என்பீர்கள். ராஜினாமா செய்தவருக்கும் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும். ஆனால் ராஜினாமாவோடு சேவை முறிந்துவிடும், திரும்பி வந்தால் அது தானாக ஒட்டாது, உண்மைதான். அதனால்தான் கடிதத்தில் ஒரு வரி கேட்கிறேன்: "முந்தைய சேவை பணிக்கொடைக்கும் லீவுக்கும் சேர்க்கப்படும், இடைவெளி சேராது." இதை எழுத எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. முன்பே பணிக்கொடை வாங்கிக்கொண்டு போனவருக்கு அதே வருடங்களை மறுபடி எண்ணச் சொல்லவில்லை. அது நியாயமில்லை.

அப்புறம் உண்மையில் எரிச்சலூட்டிய விஷயம். கடைசிப் பக்கத்தில், "முந்தைய காலம் தொடர்பாக எந்த நிலுவையும் இல்லை என ஒப்புக்கொள்கிறேன்." 2022 நடுப்பகுதியில் ஆறு மாதம் சம்பளச் சீட்டில் ஈபிஎஃப் எனும் ஊழியர் சேமலாப நிதியத்துக்கு எட்டு வீதம் வெட்டியிருக்கிறது. நிதியத்துக்கு அது போகவில்லை, கணக்குக் கூற்றில் அந்த மாதங்கள் வெறுமை. அப்போதைய சம்பளம் எழுபதாயிரம். அவருடைய எட்டும் கம்பனியின் பன்னிரண்டும் மாதம் பதினான்காயிரம், ஆறு மாதத்துக்கு எண்பத்து நான்காயிரம். அது அவருக்கு வரவேண்டிய கடன் மட்டுமில்லை, நிதியத்துக்குச் சேரவேண்டிய பணம். "வேண்டாம்" என்று அவர் எப்படிக் கையெழுத்துப் போடுவது? கடைசி மாதச் சம்பளமும் நிற்கிறது. அதைப் பற்றிக் கேட்டதற்கு "புதிய ஆரம்பம்தானே, பழசைக் கிளறாதீங்க அண்ணா" என்றாராம் எச்.ஆர். தங்கச்சி. அண்ணா என்று கூப்பிட்டதற்கு நன்றி.

"2022இல் எல்லோருக்கும்தான் கஷ்டம்." தெரியும். நானும் அதே கொழும்பில்தான் காஸ் வரிசையில் நின்றேன். கஷ்டத்தில் கட்டாமல் விட்டதை நான் பெரிதாகச் சொல்லவில்லை. நல்ல காலம் வந்ததும் கட்டாமல், இல்லவே இல்லை என்று எழுதி வாங்குவதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. திரும்ப எடுக்கத் தகுதியில்லாதவர்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். களவெடுத்தவன் அதில் இருக்கட்டும். ஆனால் நாரஹேன்பிட்டத் தொழில் திணைக்களத்தில் இதே ஈபிஎஃப்புக்காக முறைப்பாடு செய்த அக்காவும் அதில் இருக்கிறார், பதினொரு வருட சேவை. வாய் திறக்காத மச்சானுக்குக் கேக், அவருக்குக் கதவு மூடல். அப்படியென்றால் தகுதி என்பது வேலைத் திறமையா, வாயை மூடும் திறமையா?

ஒரு தம்பி அந்தப் படத்துக்குக் கீழே "வேலை கிடைத்ததே பெரிசு" என்று எழுதியிருந்தார். தம்பி, உங்கள் சம்பளச் சீட்டையும் ஈபிஎஃப் கூற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பிறகு பேசுவோம். மச்சான் கடைசிப் பக்கத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. இதைப் போட்டதற்காக நாளைக்கு அவரைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்றால், விசாரிக்கட்டும். அந்த ஆறு மாதத்தையும் அப்போதே கேட்பார்.