ஐம்பத்து மூன்று லட்சம் பேருக்கு யார் சோறு போட்டது?

பாரசீகப் படையெடுப்பைப் பற்றிய ஒரு வீடியோவுக்குக் கீழே எனக்கு நடந்த அர்ச்சனையைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேடிப்போக வேண்டாம், உங்கள் பொழுதாவது மிஞ்சட்டும். கி.மு. 480இல் பாரசீக மன்னன் செர்க்செஸ் ஐம்பத்து மூன்று லட்சம் பேரோடு கிரேக்கத்துக்கு வந்தான் என்று பேச்சாளர் சொன்னார். நான் கேட்டது ஒரே கேள்வி: அத்தனை பேருக்கும் சோறும் தண்ணீரும் எங்கிருந்து வந்தன? அதற்குத்தான் "நீ அங்க இருந்தியா?", "மூலநூலிலேயே இருக்கு, நீ யார் மறுக்க?", அப்புறம் என் படிப்பைப் பற்றிய விசாரணை.

சரி, மூலநூலுக்கே போவோம். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியதில் அந்த எண் இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவே இல்லை. மொத்தம் 52,83,220 என்று கடைசி இருபது வரைக்கும் கொடுக்கிறார். அதில் காலாட்படை மட்டும் 17 லட்சம். எப்படி எண்ணினார்களாம்? படை போன வழியில் இருந்த டொரிஸ்கஸ் சமவெளியில் பத்தாயிரம் பேரை நெருக்கி நிறுத்தி, சுற்றிக் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் இடுப்புயரச் சுவர் எழுப்பி, பிறகு கூட்டம் கூட்டமாக உள்ளே அனுப்பி அந்தத் தொட்டியை 170 தடவை நிரப்பினார்களாம். மீதி லட்சங்களுக்கு இந்தத் தொட்டிகூடக் கிடையாது. கப்பல் ஒன்றுக்கு இத்தனை பேர் என்று பெருக்கி, வழியில் சேர்ந்தவர்களைக் கூட்டி, கடைசியில் சண்டை போடுகிறவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு பணியாள் இருந்திருப்பான் என்று வைத்து மொத்தத்தையும் இரட்டிப்பாக்கிவிடுகிறார். இரண்டால் பெருக்கி வந்த எண்ணில் கடைசி இருபது எவ்வளவு துல்லியம் பாருங்கள்!

ஆனால் மனுஷர் யோக்கியர். சாப்பாட்டுக் கணக்கையும் தானே போடுகிறார். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கோய்னிக்ஸ் கோதுமை என்று வைத்துக்கொள்கிறார். நம் அளவில் முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். 48 கோய்னிக்ஸ் சேர்ந்தால் ஒரு மெடிம்னஸ். தினம் 1,10,340 மெடிம்னஸ் தேவை என்று முடிக்கிறார். நீங்களே 48ஆல் வகுத்துப் பாருங்கள், 1,10,067தான் வரும். வகுத்தலே தப்பு. பெண்களையும் பொதி விலங்குகளையும் இந்திய நாய்களையும் இதில் சேர்க்கவில்லை, அவற்றை யாராலும் எண்ண முடியாது என்றும் சொல்கிறார்.

அவர் நின்ற இடத்திலிருந்து நாம் ஒரு அடி வைத்தால் போதும். தினம் நாலாயிரம் டன்னுக்கு மேல் தானியம். ஒரு கோவேறு கழுதை நூறு கிலோ சுமக்கும் என்றால் ஒரு நாள் சாப்பாட்டுக்கு மட்டும் நாற்பதாயிரம் கழுதைகள். அந்தக் கழுதைகளுக்குத் தீனி வேண்டும், அதைச் சுமக்க இன்னும் கழுதைகள் வேண்டும். இதைத்தான் ஒரு வரியில் கேட்டேன்.

எங்கள் பெரியப்பா ஊர்த் திருவிழாவில் பந்திப் பொறுப்பு பார்ப்பார். மைக்கில் "பல்லாயிரக்கணக்கான பக்தர்கள்" என்று முழங்கிக்கொண்டிருக்கும்போது, அவர் வெட்டிப்போட்ட இலைக்கட்டின் நார்களை எண்ணிக்கொண்டிருப்பார். "கூட்டத்தைக் கண்ணால எண்ணாதடா, இலையால எண்ணு" என்பார். ஒரு வருஷம் அவர் சொன்ன எண் விழாக்குழுவுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வருஷம் பொறுப்பு வேறு ஆளுக்குப் போனது. அவர் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. நான் பேசுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

வரலாற்றாசிரியர்கள் செய்வதும் இலை எண்ணுவதுதான். ஜெர்மானியரான ஹான்ஸ் டெல்புரூக் சாலையை எடுத்துக்கொண்டார். அவர் காலத்து ஜெர்மன் படையில் முப்பதாயிரம் பேர் அணிவகுத்துப் போனால், வண்டிகளைச் சேர்க்காமலே இருபது கிலோமீட்டருக்கு மேல் நீளும். அந்த விகிதத்தில் ஹெரோடோட்டஸின் படையை நிறுத்தினால், முதல் ஆள் கிரேக்கத்தின் தெர்மோபிலே கணவாயில் நிற்கும்போது கடைசி ஆள் பாரசீகத் தலைநகரான சூசாவைவிட்டு அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருப்பான். ஃபிரெடரிக் மாரிஸ் என்ற ஆங்கிலேயத் தளபதி இன்னும் ஒரு படி மேலே போய், ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் படை கடந்து வந்த டார்டனெல்ஸ் நீரிணைப் பகுதியை நேரில் பார்த்து, வழியில் கிடைக்கும் தண்ணீரைக் கணக்கிட்டு, 1930இல் கட்டுரை எழுதினார். மனிதர்கள் 2,10,000, விலங்குகள் 75,000. இதற்கு மேல் அந்த வழி தாங்காது என்றார்.

"கப்பலில் சாப்பாடு வந்ததே!" என்று ஒருவர். நியாயமான கேள்வி, அந்தக் களேபரத்தில் ஒரே நியாயமான கேள்வி. வந்தது. முன்கூட்டியே திரேஸிலும் மாசிடோனியாவிலும் கிடங்குகள் போட்டிருந்தார்கள். படையும் ஒரே வரிசையில் போகவில்லை, டொரிஸ்கஸுக்குப் பிறகு மூன்று பிரிவாகப் போனது. ஆகவே டெல்புரூக்கின் ஒற்றை வரிசை கொஞ்சம் அநியாயம்தான். மாரிஸ் சொன்னதும் உச்சவரம்புதானே தவிர, வந்தவர்களின் எண்ணிக்கை இல்லை. அதனால்தான் இன்றைக்கும் ஒருவர் எழுபதாயிரம் என்பார், இன்னொருவர் இரண்டு லட்சம் என்பார். ஆனால் கிடங்கில் கோதுமை வைக்கலாம், ஆற்றை வைக்க முடியாது. படை குடித்து ஆறுகள் வற்றின என்று ஹெரோடோட்டஸே சொல்கிறார்.

"கும்பமேளாவுக்குக் கோடிப்பேர் வரவில்லையா?" என்று இன்னொருவர். ஐயா, அங்கே ரயில் இருக்கிறது, குழாய் இருக்கிறது. அடுத்து.

"17 லட்சத்தில் ஒரு சுழியை எடுத்துவிட்டால் 1,70,000, சரியாகிவிடும்" என்றார் ஒரு நண்பர். ஆயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் ஹெரோடோட்டஸ் குழம்பிவிட்டார் என்று அறிஞர்களிலேயே சிலர் சொன்னதுதான். எனக்கு இது பிடிக்காது. தப்பான எண்ணைப் பத்தால் வகுத்தால் சரியான எண் கிடைக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது, "ஆசியர்களின் பெருமையைக் குறைக்கும் வெள்ளைக்காரன் புத்தி" என்று சொன்னதுதான். யோசித்துப் பாருங்கள், அந்தப் பெரிய எண்ணைச் சொன்னது யார்? ஜெயித்த கிரேக்கன். எதிராளி கூட்டம் எவ்வளவு பெரிதோ, அவன் வீரம் அவ்வளவு பெரிது. அதில் பாரசீகனுக்கு என்ன பெருமை? லட்சக்கணக்கில் வந்து தோற்ற மந்தை என்ற பட்டம்தான். இரண்டு லட்சம் பேரைக் கிடங்கு போட்டு, கடலில் பாலம் கட்டி நடத்திவந்தான் என்றால்தான் அவன் நிர்வாகம் தெரியும்.

சாவுக் கணக்கிலும் இதே கதை. பத்து வருஷம் முந்தைய மாரத்தான் போரில் செத்த ஏதென்ஸ்காரர்கள் 192, பாரசீகர்கள் 6,400 என்கிறார் ஹெரோடோட்டஸ். 192ஐ நம்பலாம். அந்தப் பெயர்களை ஊர்ப்பிரிவு வாரியாகக் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள், ஆறு நூற்றாண்டு கழித்துப் பயணி பாசனியாஸ் அதைப் பார்த்தார். 6,400ஐ? 192ஐ நூறால் பெருக்கி மூன்றால் வகுங்கள். அச்சாக 6,400. மூன்று பேருக்கு நூறு பேர்.

அதற்காக உடனே பொய் என்று தூக்கிப்போடவும் முடியாது. கொன்ற எதிரி ஒவ்வொருவனுக்கும் ஒரு வெள்ளாடு பலியிடுவதாக ஆர்டெமிஸ் தெய்வத்துக்கு வேண்டிக்கொண்டார்கள், அத்தனை ஆடு கிடைக்காமல் வருஷத்துக்கு 500 என்று தவணை போட்டுக்கொண்டார்கள் என்று இன்னொரு பழைய கிரேக்க எழுத்தாளரான செனஃபோன் எழுதுகிறார். கடன் கட்ட வேண்டுமென்றால் எண்ணித்தானே இருப்பார்கள்? பிணங்கள் கிடந்ததும் அவர்கள் மண்ணில்தான். ஆகவே ஆயிரக்கணக்கில் செத்தார்கள் என்பதை நான் ஏற்கிறேன், அச்சடித்த 6,400ஐ ஏற்கவில்லை. ஒரே ஆசிரியரின் ஒரு எண்ணை நம்பி, இன்னொன்றைச் சந்தேகித்து, மூன்றாவதைத் தள்ளுகிறேன். இதையும் திமிர் என்பீர்கள் என்றால் சொல்லிக்கொள்ளுங்கள், என் படிப்பை மட்டும் இழுக்காதீர்கள்.