குரு எல்லாருக்கும் சுபர், சனி எல்லாருக்கும் பாவியா?

“யாருக்கு குரு தசை வந்தாலும் யோகம்தான், சனி தசை வந்தால் கஷ்டம்தான்” என்று பலர் சொல்வார்கள்.

சோதிட விதிப்படி இது தவறு. குரு இயற்கைச் சுபர், சனி இயற்கைப் பாவி என்பது சரி. ஆனால் தசை பலன் சொல்லும்போது அந்தக் கிரகம் லக்னத்துக்கு எந்த வீடுகளுக்கு அதிபதி என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். லக்னம் மாறினால் அந்த வீடுகளும் மாறிவிடும்.

துலாம் லக்னத்தை எடுத்துக்கொள்வோம். துலாமை ஒன்று என்று வைத்து எண்ணினால் மகரம் 4, கும்பம் 5. இரண்டும் சனியின் வீடுகள். 4 கேந்திரம், 5 திரிகோணம்; இரண்டும் நல்ல வீடுகள். இரண்டுக்கும் ஒரே கிரகம் அதிபதியானால் அது யோககாரகர், அதாவது யோகம் தரும் கிரகம். அப்புறம் குருவைப் பாருங்கள்: தனுசு 3, மீனம் 6. ஆறாம் வீடு கடன், நோய், எதிரியைக் குறிக்கும். ஆக, துலாம் லக்னத்துக்கு குரு பாவி.

கடகத்துக்கு வந்தால் நிலைமை தலைகீழ். சனிக்கு 7, 8. குருவுக்கு 6, 9. ஒன்பது பலமான திரிகோணம் என்பதால் குரு இங்கே சுபராகவே கருதப்படுகிறார்.

பலர் ராசியிலிருந்து எண்ணிக் குழம்புகிறார்கள். கட்டத்தில் ‘ல’ என்று போட்டிருக்கும் வீட்டிலிருந்துதான் எண்ண வேண்டும்.

யோககாரகர் என்றாலும் சனியின் இயல்பு போகாது. தாமதமும் உழைப்பும் இருக்கும். அவர் மேஷத்தில் நீசமாகிக் கெட்டிருந்தால் யோகமும் குறையும்.